சொன்னது ஒன்று, புரிந்தது இன்னொன்று: உரையாடல் நெறிகளும் குறிப்புப் பொருளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மொழியியல் தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு நான் சில வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். உரையாடல் நெறிகளை வகுத்த கிரைஸ் வரும் வாரத்தில் மட்டும் வகுப்பு முடிந்த பிறகும் ஆட்கள் நின்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்ட விதத்திலேயே எழுதி, என்னால் முடிந்த பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். 'மேக்ஸிம்' என்பதை நெறி என்றும், வாய்விட்டுச் சொல்லாமலே கேட்கிறவருக்குப் போய்ச் சேரும் 'இம்ப்ளிகேச்சர்' என்பதைக் குறிப்புப் பொருள் என்றும் எழுதுகிறேன்.

சார், அந்த நாலு நெறி என்னென்ன? சுருக்கமா சொல்லுங்க.

பால் கிரைஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆங்கிலேயத் தத்துவவாதி. 1967இல் ஹார்வர்டில் நடத்திய சொற்பொழிவுகளில் இதைச் சொன்னார். அதில் நாம் படிக்கும் பகுதி 1975இல் அச்சில் வந்தது. பேசுகிற இருவரும் ஒரு நோக்கத்துக்காக ஒத்துழைக்கிறார்கள் என்று ஒருவரைப் பற்றி ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அடிப்படை. அதன் கீழே நான்கு தலைப்புகள். அளவு: தேவையான அளவு சொல், அதற்கு மேல் வேண்டாம். உண்மை: பொய் என்று நினைப்பதையும், ஆதாரம் இல்லாததையும் சொல்லாதே. தொடர்பு: பேச்சுக்குச் சம்பந்தமானதைச் சொல். முறை: தெளிவாக, இருபொருள் இல்லாமல், சுருக்கமாக, வரிசையாகச் சொல். அளவு, தரம், தொடர்பு, முறை என்ற இந்தத் தலைப்புகளைத் தத்துவவாதி கான்ட்டிடமிருந்து எடுத்துக்கொண்டதாக அவரே சொல்கிறார். 'தரம்' என்று அவர் வைத்த பெயரை நான் 'உண்மை' என்று மாற்றியிருக்கிறேன், நினைவில் நிற்பதற்காக.

இதெல்லாம் நல்லொழுக்கப் பாடம் மாதிரி இருக்கே? யாரு இப்படிப் பேசுறாங்க?

கிரைஸ் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. பேசுகிறவர் இந்த நெறிகளின்படி நடக்கிறார் என்று கேட்கிறவர் முன்கூட்டியே நம்புகிறார்; அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் சொல்லாத பகுதியை நிரப்பிக்கொள்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான். சாலையில் எல்லாரும் இடப்பக்கம் போவார்கள் என்று நம்பி வண்டி ஓட்டுகிறோம். எதிரே ஒருவர் வலப்பக்கம் வந்தால் உடனே 'ஏன்?' என்று தோன்றுகிறது. அந்த 'ஏன்?' தோன்றும் இடத்தில்தான் குறிப்புப் பொருள் பிறக்கிறது.

மீறினால்தான் குறிப்புப் பொருள் வருமா?

இல்லை. இது எல்லாரும் தடுக்கி விழும் இடம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் ஒருவர், "பெட்ரோல் தீர்ந்துபோச்சு" என்கிறார். நீங்கள், "அந்த வளைவைத் தாண்டினா ஒரு பங்க் இருக்கு" என்கிறீர்கள். இங்கே எந்த நெறியும் உடையவில்லை. ஆனாலும் பங்க் திறந்திருக்கிறது, அங்கே பெட்ரோல் கிடைக்கும் என்பது சொல்லாமலே போய்ச் சேர்கிறது. பங்க் மூடிக் கிடப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த வாக்கியம் சம்பந்தமற்றதாகிவிடும் அல்லவா? குறிப்புப் பொருளின் வகைகளை விளக்கும் இடத்தில் கிரைஸே இதே போன்ற ஓர் உதாரணத்தோடுதான் தொடங்குகிறார்.

மீறும்போது வருவது இதன் முரட்டு வடிவம். அங்கே கேட்கிறவருக்கு வேலை அதிகம், அதனால் பாடநூல்கள் அதிலேயே நேரம் செலவிடுகின்றன.

பொய் சொல்றதும் மீறல், கிண்டல் பண்றதும் மீறலா? ரெண்டுக்கும் ஒரே பேரா?

பெயர் வேறு. நெறிப்படி நடக்காமல் போவதில் நான்கு வகை உண்டு. ஒன்று, சத்தமில்லாமல் மீறுவது: பொய் சொல்கிறவர், தான் மீறுவது தெரியக்கூடாது என்றே நினைக்கிறார். இரண்டு, விலகிக்கொள்வது: "அதைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாதுங்க" என்று கையை விரிப்பது. மூன்று, இரண்டு நெறிகள் மோதும்போது ஒன்றை விட்டுக்கொடுப்பது. "அவர் வீடு எங்கே?" என்று கேட்டால் "அண்ணா நகர்ப் பக்கம் எங்கேயோ" என்கிறோம். கேட்டவருக்கு இது போதாது, அதனால் அளவு உடைகிறது. ஆனால் கதவு எண்ணை ஊகித்துச் சொன்னால் உண்மை உடையும். ஆகவே 'இவருக்குச் சரியான முகவரி தெரியாது' என்பது குறிப்புப் பொருள்.

நான்காவதுதான் வகுப்பில் 'ஃபிளவுட்' என்று சொல்வது: கேட்கிறவர் கண்முன்னாலேயே, அவருக்குத் தெரியவேண்டும் என்றே மீறுவது. கொட்டும் மழையில் நனைந்து வந்தவர் "நல்ல வெயில்!" என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. பொய் பலிக்க மீறல் மறைந்திருக்க வேண்டும். கிண்டல் பலிக்க மீறல் தெரிய வேண்டும்.

மீறினதும் அர்த்தம் எப்படிங்க வருது? கேட்கிறவர் மண்டைக்குள்ள என்ன நடக்குது? படிப்படியா வேணும்.

கிரைஸின் சிபாரிசுக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஒரு மாணவர் தத்துவம் கற்பிக்கும் வேலைக்கு மனுப் போடுகிறார். அவருடைய ஆசிரியர் எழுதும் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்: இவருடைய ஆங்கிலம் சிறப்பாக இருக்கிறது, வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தார், இப்படிக்கு.

படிக்கிறவர் யோசிக்கிறார். தத்துவத்தில் இவர் எப்படி என்பதுதான் எனக்கு வேண்டும், அது இங்கே இல்லை. ஆசிரியர் விலகிக்கொண்டாரா? அப்படியென்றால் கடிதமே எழுதியிருக்க மாட்டார். விஷயம் தெரியாதா? அவருடைய சொந்த மாணவர், தெரியாமல் இருக்க முடியாது. எனக்கு இன்னும் தகவல் தேவை என்பது அவருக்குப் புரியவில்லையா? என்ன வேலை என்று தெரிந்துதான் எழுதுகிறார். ஆக, ஒத்துழைக்கிறார், விஷயமும் தெரியும், தேவையும் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. எழுத்தில் வைக்க விரும்பாத ஒன்றை எனக்குத் தெரிவிக்கப் பார்க்கிறார் என்று கொண்டால்தான் இது எல்லாம் பொருந்தும். அந்த ஒன்று: மாணவருக்குத் தத்துவம் வராது.

ஒவ்வொரு படியும் வேறொரு விளக்கத்தை அடைத்துக்கொண்டே போவதைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு படி அடைபடாவிட்டால் குறிப்பும் வராது. அதே கடிதத்தை விடுதிக் காப்பாளர் எழுதியிருந்தால், 'அவருக்குத் தத்துவம் பற்றி என்ன தெரியும்' என்று படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். தேர்வில் இந்த உதாரணத்தை எழுதுகிறவர்கள் முடிவை மட்டும் எழுதிவிட்டு, அடைபடும் வழிகளை விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் அங்கேதான் போகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்றதை நன்னூல்லயே படிச்சோமே. எட்டு வகை விடை. அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒரே வயலைத்தான் இருவரும் உழுகிறார்கள். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்று நன்னூல் எண்ணிவிட்டு, கடைசி ஐந்தும் 'அப்பொருண்மையின் நேர்ப' என்கிறது. அதாவது அவை நேரான விடைகளாக இல்லாவிட்டாலும், அந்தப் பொருளைத் தருவதால் விடை என்று ஏற்கப்படுகின்றன. எல்லாருக்கும் பள்ளியிலிருந்தே தெரிந்தவை: "ஆடுவாயா?" என்றதற்கு "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல், "பாடுவேன்" என்பது இனமொழி.

நன்னூல் வகைகளைத் தருகிறது, கிரைஸ் வழியைத் தருகிறார். "பாடுவேன்" ஏன் "ஆடமாட்டேன்" ஆகிறது? ஆடத் தயாராக இருந்தால் 'ஆம்' என்று சொல்வதே போதும். கேட்காத ஒன்றை முன்வைப்பதால், கேட்டது இல்லை என்று ஆகிறது. இது அளவும் தொடர்பும் சேர்ந்து செய்யும் வேலை. "கால் வலிக்கிறது" என்பதில் மீறல் மேலோட்டமானது. வலிக்கும் ஆட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் பிடிபட்ட கணமே தொடர்பு நெறி காப்பாற்றப்பட்டுவிடுகிறது. பெட்ரோல் பங்குக்கு அது கொஞ்சம் பக்கத்து வீடு.

இன்னொன்று. "ஆட்டோவில் போகலாமா?" என்று கேட்டு அதே "கால் வலிக்கிறது" வந்தால் அது 'ஆம்'. வாக்கியம் மாறவில்லை, விடை தலைகீழ். சூழலைச் சார்ந்து இப்படிப் புரளும் குறிப்பைக் கிரைஸ் தனிக் குறிப்பு என்பார். புரளாத வகை ஒன்றும் உண்டு, அது கீழே 'சில' பற்றிய கேள்வியில் வருகிறது.

"அம்மா அம்மாதான்"னு சொல்றோம். அதுல தகவலே இல்லையே, அப்புறம் எப்படிப் புரியுது?

தகவல் இல்லாததால்தான் புரிகிறது. 'அ என்பது அ' என்று சொன்னால் அளவு நெறி அப்பட்டமாக உடைகிறது. கேட்கிறவர், இவ்வளவு வெறுமையான ஒன்றை இவர் ஏன் சொல்கிறார் என்று தேடி, அம்மாவைப் பற்றி இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். எதைப் பிடிப்பார் என்பது பேச்சைப் பொறுத்தது. "ஹாஸ்டல் சாப்பாடு ஹாஸ்டல் சாப்பாடுதான்" என்பதற்கும் அமைப்பு அதேதான், ஆனால் யாருக்கும் நாக்கில் நீர் ஊறாது.

உருவகம், மிகைப்படுத்தல், கிண்டல் எல்லாம் உண்மை நெறியைத் திறந்து மீறுபவை. நனைந்தவர் சொன்ன "நல்ல வெயில்" அந்த வகை. முறை நெறிக்கு ஓர் உதாரணம்: 'அவர் சமைத்தார்' என்று சொல்லியிருக்கலாம். அதை விட்டு, "அவர் அடுக்களைக்குள் சென்று அரிசியை நீரில் இட்டுச் சூடாக்கும் பணியை மேற்கொண்டார்" என்றால், வந்ததைச் சமையல் என்று சொல்ல இவருக்கு மனம் வரவில்லை என்று புரிந்துகொள்கிறோம்.

'சிலர் வந்தார்கள்'னா 'எல்லாரும் வரலை'னுதானே அர்த்தம்? இதுல குறிப்பு எங்க வந்துச்சு?

'எல்லாரும் வரவில்லை' என்பது சொல்லின் பொருளில் இல்லை. சோதித்துப் பாருங்கள்: "சிலர் வந்தார்கள், சொல்லப்போனால் எல்லாருமே வந்துவிட்டார்கள்." இதில் முரண் இல்லை. அப்படியென்றால் 'எல்லாரும் இல்லை' என்பதை நாம் கழற்றிவிட முடிகிறது. கழற்ற முடிவதால் அது குறிப்பு. வரும் வழி இது: 'எல்லாரும்' என்ற வலுவான சொல் கையருகே இருந்தும் பலவீனமான சொல்லை எடுத்திருக்கிறார், ஆகவே வலுவானதைச் சொல்ல அவரால் முடியவில்லை. இப்படி வலுவின்படி வரிசைப்படும் சொற்களை 1972இல் லாரன்ஸ் ஹார்ன் விரிவாக ஆராய்ந்தார். இது பொதுக் குறிப்பு: தனிச் சூழல் எதுவும் தேவையில்லை, எதுவும் தடுக்காவிட்டால் தானாக வரும்.

இப்போது "சிலர் மட்டும் வந்தார்கள், சொல்லப்போனால் எல்லாருமே" என்று சொல்லிப் பாருங்கள். இடிக்கிறது. 'மட்டும்' சேர்ந்ததும் குறிப்பாக இருந்தது சொற்பொருளுக்குள் குடியேறிவிட்டது.

ஆங்கிலப் புத்தகத்துல வரிசை பத்தி வர்ற உதாரணத்தைத் தமிழ்ல எழுதினா சரியா வரலையே, ஏன்?

நல்ல கண். 'கல்யாணமும் நடந்தது, குழந்தையும் பிறந்தது' என்பதுபோல ஆங்கில 'அண்ட்' போட்டு இரண்டு நிகழ்ச்சிகளை இணைப்பார்கள். சொன்ன வரிசையே நடந்த வரிசை என்பது குறிப்பு, முறை நெறியிலிருந்து வருகிறது. தமிழில் நாம் அதை மொழிபெயர்க்கும்போது பழக்கத்தில் வினையெச்சம் போட்டுவிடுகிறோம்: "வேலையை விட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டான்." இங்கே வரிசையை இலக்கணமே கட்டிவிட்டது. "ஆனால் கல்யாணம்தான் முதலில் நடந்தது" என்று சேர்த்தால் முரண்.

குறிப்பு வேண்டுமென்றால் இரண்டு முற்றுவினைகளாக எழுதுங்கள்: "அந்த வருடம் வேலையை விட்டான். கல்யாணம் பண்ணிக்கொண்டான்." இதற்குப் பிறகு "எது முதலில் என்று ஞாபகம் இல்லை" என்று சேர்க்கலாம், இடிக்காது.

"பத்து ரூபாயாவது குடு", "அவன்கூட பாஸ் ஆயிட்டான்": இதெல்லாமும் குறிப்புப் பொருள்தானே?

ஆமாம், ஆனால் வேறு ரகம். "அவன்கூட பாஸ்" என்றால் அவன் தேறுவான் என்று எதிர்பார்க்கவில்லை என்பது தெரிகிறது. ஆனால் அது எந்த நெறியிலிருந்தும் கணக்கிட்டு வரவில்லை, 'கூட' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 'கூட'வை எடுத்துவிட்டு "அவன் பாஸ் ஆயிட்டான்" என்றால் அதுவும் போய்விடும். இதை மரபுக் குறிப்பு என்று தனியாக வைத்தார் கிரைஸ்.

சிபாரிசுக் கடிதத்தில் இப்படி நடக்காது. 'ஆங்கிலம் சிறப்பு' என்பதை 'ஆங்கிலத்தில் வல்லவர்' என்று மாற்றினாலும் அதே குறிப்புதான். சொல்லை மாற்றினாலும் நிற்கிறதா, கழற்ற முடிகிறதா, வந்த வழியைப் படிப்படியாகக் காட்ட முடிகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். முறை நெறியிலிருந்து வருபவை மட்டும் முதல் சோதனையில் தோற்கும். அங்கே சொன்ன விதமே காரணம், அதை மாற்றினால் காரணமே போய்விடுகிறது.

நேரா பொய் சொல்லலை, ஆனா கேட்டவரைத் தப்பா நினைக்க வெச்சா, அது பொய்யா? கோர்ட்டுல என்ன ஆகும்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. சாமுவேல் பிரான்ஸ்டன் ஒரு திரைப்படத் தயாரிப்பாளர். அவருடைய நிறுவனம் திவாலாகி, 1966இல் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கப்படுகிறார். "உங்களுக்கு ஸ்விஸ் வங்கிகளில் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "இல்லை ஐயா." "எப்போதாவது இருந்ததா?" "நிறுவனத்துக்கு சூரிக்கில் ஆறு மாதம் போல ஒரு கணக்கு இருந்தது." நிறுவனத்தின் கணக்கு பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முன் ஜெனீவாவில் அவருக்கு ஏறக்குறைய ஐந்து வருடம் சொந்தக் கணக்கு இருந்திருக்கிறது.

இரண்டாவது பதிலைப் பாருங்கள். கேட்டது அவருடைய கணக்கை, சொன்னது நிறுவனத்தின் கணக்கை. இது அசல் இனமொழி: "ஆடுவாயா?" "பாடுவேன்." எனக்கு இருந்ததில்லை என்று கேட்கிறவர் நிரப்பிக்கொள்வார், அவரும் நிரப்பிக்கொண்டார். பொய்ச்சாட்சி என்று கீழ் நீதிமன்றத்தில் தண்டனை ஆனது. 1973இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. சொன்ன சொல் எழுத்தளவில் உண்மை. பதில் நழுவினால் மறுபடி கேட்டுப் பிடிப்பது கேட்கிறவர் பொறுப்பு என்பது அதன் நிலை.

இதில் மாணவர்கள் 'ஃபிளவுட்' என்று எழுதுகிறார்கள், தப்பு. மீறல் தெரியவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தெரிந்திருந்தால் வக்கீல் அடுத்த கேள்வியைப் போட்டிருப்பார். மேலே சொன்ன நான்கில் இது முதல் வகை. குறிப்புப் பொருள் பொய், சொன்ன பொருள் உண்மை. கிரைஸ் போட்ட கோட்டின் மேலேயே அந்த நீதிமன்றம் நடந்திருக்கிறது. சாட்சிக் கூண்டுக்கு வெளியே, வீட்டில் இந்த வாதத்தை வைத்துப் பாருங்கள், எடுபடுமா என்று.

நம்ம ஆளுங்க சுத்தி வளைச்சுதான் பேசுவாங்க. வெள்ளைக்காரர் எழுதின நெறி நமக்குப் பொருந்துமா?

இந்தக் கேள்வியை முதலில் அச்சில் வலுவாக வைத்தவர் எலினோர் கீனன், 1976இல். மடகாஸ்கரின் ஒரு கிராமத்தில் "உன் அம்மா எங்கே?" என்றால் "வீட்டில் இருப்பாள், இல்லாவிட்டால் சந்தையில்" என்று பதில் வருமாம். நமக்கு அது 'சரியாகத் தெரியாது' என்று படும் (அண்ணா நகர் உதாரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்). அங்கே அப்படிப் படாது. புதுத் தகவல் அங்கே அரிய பண்டம், எளிதில் கொடுத்துவிட மாட்டார்கள்; சொன்ன சொல்லால் யாருக்காவது கேடு வந்தால் பழி என்ற பயமும் உண்டு. குறைவாகச் சொல்வதே வழக்கமாக இருக்கும் இடத்தில் குறைவு ஒரு மீறலாகத் தெரிவதில்லை, அதனால் அந்தக் குறிப்பும் எழுவதில்லை. நெறி செத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. 'தேவையான அளவு' எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது, அவ்வளவுதான் என்பது என் கருத்து.

சுற்றி வளைப்பது பற்றி: பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மரியாதைப் பேச்சை ஆராய எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், கோயம்புத்தூர் மாவட்டத்து கிராமப் பேச்சு. சாடையாகப் பேசும் உத்திகளை அவர்கள் எந்த நெறியை மீறுகிறது என்பதை வைத்தே வகுத்தார்கள். "தலை வலிக்குது" என்று காபி கேட்பது தொடர்பு நெறியில் வரும். ஆக, வளைத்துப் பேசுகிற ஊரில் இந்தக் கருவிக்கு வேலை அதிகம்தான்.

ஒரே வாக்கியத்துல ரெண்டு நெறி மீறின மாதிரி இருந்தா எதை எழுதுறது?

இரண்டையும் எழுதுங்கள், ஆனால் எதிலிருந்து எந்தக் குறிப்பு வருகிறது என்று பிரித்து எழுதுங்கள். நெறிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பது கிரைஸின் பலவீனம்தான். அளவுக்கு மேல் சொன்னால் அது பெரும்பாலும் சம்பந்தமற்றதாகவும் ஆகிவிடும் என்று அவரே ஒப்புக்கொண்டார். டான் ஸ்பெர்பரும் டெய்ர்ட்ரி வில்சனும் 1986இல் எல்லாவற்றையும் தொடர்பு ஒன்றிலேயே அடக்கிவிட்டார்கள். தேர்வுக்கு நான்கும் வேண்டும், அதனால் அதை இங்கே நீட்டவில்லை.

நான் சாதாரணமாத்தான் சொன்னேன், அவங்க குத்திக்காட்டினதா எடுத்துக்கிட்டாங்க. அது குறிப்புப் பொருளா இல்லையா?

உங்கள் பக்கம் இல்லை. குறிப்பது பேசுகிறவர் வேலை, ஊகிப்பது கேட்கிறவர் வேலை. பேசுகிறவர் நினைக்காததை ஊகித்தால் அது வெறும் ஊகம். ஆனால் ஊகித்தவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் போன பாதை சரியான பாதையாக இருக்கலாம். ஒரு முறை விருந்து வீட்டில், சாப்பிட்டு எழுந்து "சாம்பார் ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை" என்றேன். "ஏன், ரசத்துக்கு என்ன?" என்றார். இலையில் நான்கு பதார்த்தம் இருக்க ஒன்றை மட்டும் சொன்னால், 'சில'ரைப் போலவே மிச்சம் விலக்கப்படுகிறது. கணக்கு கச்சிதம்.

குறிப்பைக் கழற்ற முடியும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதையே செய்யப் பார்த்தேன்: "ஐயோ, ரசமும் நல்லாத்தான் இருந்துச்சு அத்தை." அந்த 'தான்' போட்டது தப்பு. 'நல்லாத்தான் இருந்துச்சு' என்றால் பின்னால் ஓர் 'ஆனா' காத்திருக்கிறது என்று தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரிந்தது.